ஃபேமிலி மேனேஜர் ஃபிளைட் ஏறுவதற்கு முன்னால்

எம்.எஸ். படிக்க வெளிநாடு போறவங்க லிஸ்டில் டிரான்ஸ்கிரிப்ட், விசா, ஃபாரெக்ஸ் கார்டு, பிரஷர் குக்கர் எல்லாம் இருக்கும். கூகுள் ஃபேமிலி குரூப் இருக்காது. ஆனா ஊருக்குப் போய் ஒரு மாசம் கழிச்சு வீட்டிலிருந்து போன் வரும்: "தம்பி, யூடியூபில் திரும்ப விளம்பரம் வருதுடா. அப்பா போன்ல மெயிலும் வரல." எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து அதைச் சரி பண்றது கஷ்டம். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் ஒதுக்கினா முடிஞ்சிடும்.

முதல்ல ரூல் என்னன்னு பார்ப்போம். கூகுள் ஃபேமிலி குரூப்பில் மேனேஜர் ஒருத்தர், அவர் கூட அதிகபட்சம் ஐந்து பேர். இந்த ஒரே குரூப்பை வெச்சுதான் யூடியூப் பிரீமியம் ஃபேமிலி பிளானும் ஓடுது, கூகுள் ஒன் ஸ்டோரேஜும் பகிரப்படுது. ஆனா இரண்டுக்கும் ஒரே நிபந்தனை இல்லை. குரூப்பில் இருக்கணும்னா எல்லாரும் மேனேஜர் இருக்கும் நாட்டிலேயே இருக்கணும். யூடியூப் பிரீமியத்துக்கு அது மட்டும் போதாது. மேனேஜர் வசிக்கும் அதே வீட்டில் வசிக்கணும். இதை 30 நாளைக்கு ஒரு தடவை கூகுள் தானாகவே சரிபார்க்கும். நம்மகிட்ட எதுவும் கேட்காது. ஒத்துப்போகலைன்னா மெம்பருக்கு ஒரு மெயில் வரும்: 14 நாளில் உங்க பிரீமியம் நிறுத்தி வைக்கப்படும் என்று. அதுக்கப்புறமும் நீங்க குரூப்பில் இருப்பீங்க. யூடியூப் மட்டும் விளம்பரத்தோட ஓடும். எழுதியிருக்கிற வார்த்தைப்படி பார்த்தா, ஹாஸ்டலில் இருக்கிற நம்மில் பாதிப்பேர் இப்பவே அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறோம்.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கு. வீடு எதுன்னு தீர்மானிக்கிறது குடும்பத்தில் பெரும்பாலானவங்க எங்கே இருக்காங்க என்பதை வெச்சு இல்லை. மேனேஜர் எங்கே இருக்கார் என்பதை வெச்சுத்தான். நம்ம வீடுகளில் அந்த மேனேஜர் யாரு? அப்பாவா, அம்மாவா? பெரும்பாலும் "இதை கொஞ்சம் செட் பண்ணிக் கொடு"ன்னு கேட்டதும் தன் அக்கவுண்டிலேயே செட் பண்ணின மகனோ மகளோதான். அந்த ஆள் வெளிநாடு போனா, ரூல்படி வீட்டை விட்டுப் போனது அவர் இல்லை; வீட்டில் இருக்கும் மூணு பேரும்தான் "வேறு முகவரி"க்காரங்க ஆயிடுறாங்க.

"சரி, மேனேஜரை அம்மாவுக்கு மாத்திடலாம்"னு தோணும். அப்படி ஒரு பட்டனே கிடையாது. மேனேஜர் பொறுப்பை இன்னொருத்தருக்குக் கைமாற்ற முடியாது. இருக்கிற குரூப்பை அழிச்சிட்டு, அம்மா அக்கவுண்டில் புதுசா ஒண்ணு தொடங்கணும். அழிக்கிற அந்த நிமிஷம் ஸ்டோரேஜ் பகிர்வும் நின்னுடும். உண்மையான ஆபத்து அங்கேதான்.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருச்சியில் நாலு பேர். மகன் மேனேஜர், மியூனிக் போகப்போறான். அவன் வாங்கின 100 ஜிபி கூகுள் ஒன் பிளானை எல்லாரும் பகிர்ந்துக்கிறாங்க. மகன் 48 ஜிபி, தங்கை 31 ஜிபி, அப்பா 22 ஜிபி, அம்மா 9 ஜிபி பயன்படுத்துறாங்க. ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா 15 ஜிபி இலவசம்; அதைத் தாண்டினது மட்டும்தான் பொதுப் பங்கிலிருந்து போகும். அதாவது மகன் 33, தங்கை 16, அப்பா 7, அம்மா பூஜ்யம். மொத்தம் 56 ஜிபி. நிறைய இடம் மீதி இருக்கிறதால யாரும் இதைப் பத்தி யோசிச்சதே இல்லை.

இப்போ குரூப்பை அழிச்சா? 100 ஜிபி பிளான் மகன் அக்கவுண்டோடவே இருக்கும், அவனுக்குப் பிரச்சினை இல்லை. அம்மா 15-க்குள் இருக்காங்க, தப்பிச்சாங்க. தங்கையும் அப்பாவும் வரம்பைத் தாண்டினவங்க. அவங்க போட்டோ அழிஞ்சிடாது, உடனே எதுவும் காணாமப் போகாது. ஆனா புதுசா போட்டோ ஏறாது, டிரைவில் எதுவும் சேமிக்க முடியாது, ஜிமெயிலுக்கு மெயிலே வராது. அனுப்பினவருக்கு அது திரும்பிப் போயிடும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் ஒரே கணக்கு. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போ அதில்தான் சேருது. அப்பா "நான் ஒண்ணுமே சேமிக்கலையே"ன்னு சொன்னாலும் அந்த 22 ஜிபி இப்படித்தான் வந்திருக்கும். இரண்டு வருஷம் வரம்புக்கு மேலேயே இருந்தா, கூகுள் அதையெல்லாம் நீக்கவும் செய்யலாம்.

அதனால வேலையை இந்த வரிசையில் செய்யுங்க. முதல்ல எல்லார் போனிலும் one.google.com/storage திறந்து யார் எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு எழுதிக்கோங்க. அப்பா போனில் பழைய பெரிய வீடியோக்களையும் வாட்ஸ்அப் பேக்கப்பில் சேரும் வீடியோக்களையும் குறைச்சா 22 ஜிபி 15-க்குள் வந்துடலாம். தங்கைக்கு 31 ஜிபி. அது குறையாது, அவளுக்கு இடம் வேணும். அடுத்து, எல்லாரும் வீட்டில் இருக்கும் ஒரு நாள் families.google.com போய் மகன் குரூப்பை அழிக்கணும். அன்னிக்கே அம்மா புதுக் குரூப் தொடங்கி, அவங்க அக்கவுண்டில் கூகுள் ஒன், யூடியூப் ஃபேமிலி இரண்டையும் வாங்கி, மத்த இரண்டு பேரையும் அழைக்கணும். கடைசியா தங்கை போனிலிருந்து அப்பாவுக்கு ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பி, பதிலும் வாங்கிப் பாருங்க. இரண்டும் வந்து சேர்ந்தா முடிஞ்சது.

இதில் மகனை அம்மாவோட புதுக் குரூப்பில் சேர்க்காதீங்க. ஒரு குரூப்பிலிருந்து இன்னொண்ணுக்கு மாறுவது 12 மாசத்துக்கு ஒரு தடவைதான். அதே காரணத்துக்காக, அங்கே போனதும் ரூம்மேட் கூப்பிட்டார்னு அவர் குரூப்பில் சேர்வதற்கு முன்னாடியும் யோசிங்க. பிறகு வெளியே வந்தா அடுத்த குரூப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்.

நீங்க மேனேஜர் இல்லை, சாதாரண மெம்பர்னா வேலை சுலபம். வீட்டில் யாருக்கும் பாதிப்பு வராது, உங்களுக்கு மட்டும்தான். ஆனா வரிசை தலைகீழாப் போகக்கூடாது. அங்கே இறங்கினதும் உள்ளூர் ஆப் ஒண்ணைத் தேடுவீங்க. சில ஆப் அந்த நாட்டு பிளே ஸ்டோரில் மட்டும்தான் கிடைக்கும். நாட்டை மாத்த Settings-ல் Country and profiles போகணும். அதுக்கு நீங்க அந்த நாட்டில் இருக்கணும், அந்த நாட்டுக் கார்டு வேணும், வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்த முடியும். ஃபேமிலி குரூப்பில் இருந்தா அந்த ஆப்ஷனே வராமல் போகலாம். அவசரத்தில் உடனே Leave family group அழுத்துவீங்க. நாடு மாறும், கூடவே உங்க 48 ஜிபி 15 ஜிபி வரம்புக்கு வெளியே நிற்கும். யுனிவர்சிட்டி, வீட்டு ஓனர், விசா ஆபீஸ் எல்லாரும் மெயில் அனுப்புற அதே வாரத்தில் உங்க ஜிமெயில் மூடியிருக்கும். இடத்தைக் குறைப்பதோ சொந்தமா ஒரு பிளான் வாங்குவதோ முதல்ல. குரூப்பை விட்டு வெளியேறுவது அதுக்கப்புறம். நாடு மாத்துவது கடைசி.

நீங்க இன்னிக்கே பார்க்க வேண்டியது ஒண்ணுதான்: families.google.com திறந்தா Family manager என்று யார் பேர் பக்கத்தில் எழுதியிருக்கு? உங்க பேர்னா, அந்தச் சாயங்காலத்தை பேக்கிங் தொடங்குறதுக்கு முன்னாடியே குறிச்சு வைங்க.