யூ.டி. லெவல் 2: அந்த ஒரு வரிக்குள் இருப்பது

"அல்ட்ராசோனிக் டெஸ்டிங் லெவல் 2 தேர்ச்சி பெற்றுவிட்டேன். அடுத்த இலக்கு லெவல் 3." வெல்டிங் பரிசோதனையில் இருக்கும் இன்ஜினியர்கள் லிங்க்ட்இனில் இப்படி அறிவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாழ்த்துகிற பலருக்கும் அவர் இனி என்ன செய்யலாம் என்பது தெரியாது.

பற்றவைத்த இரும்பை அறுக்காமலே உள்ளே இருக்கும் குறையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. காதுக்குக் கேட்காத ஒலியை ப்ரோப் வழியே சாய்வாக உள்ளே அனுப்புவார்கள். குறையில் மோதித் திரும்பும் ஒலி திரையில் எக்கோவாக எழும்.

20 மி.மீ. பிளேட், 60 டிகிரி ப்ரோப் என்று வைத்துக்கொள்வோம். ஒலி சென்ற தூரம் 50 மி.மீ. என்று திரை காட்டுகிறது. இந்தக் கோணத்தில் ஆழம் அதில் பாதி, அதாவது 25. பிளேட்டோ 20 மி.மீ.தான்! ஒலி அடிப்பரப்பில் பட்டு 5 மி.மீ. மேலேறியிருக்கிறது, எனவே குறை மேலிருந்து 15 மி.மீ. ஆழத்தில், ப்ரோப்பிலிருந்து ஒலி வெளியேறும் புள்ளிக்குச் சுமார் 43 மி.மீ. முன்னால் இருக்கிறது.

கணக்கைவிடக் கடினமானது வெல்டின் அடிப்பகுதியான ரூட். அங்கே இயல்பாக வழிந்திருக்கும் உலோகமும் எக்கோ தரும். அதனால் இரண்டு பக்கமிருந்தும் பார்த்தாக வேண்டும். இருமுறையும் எக்கோ நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தால் பெரும்பாலும் அது வழிந்த உலோகம். கோட்டுக்கு முன்பே விழுந்தால், ஓரம் உருகிச் சேரவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். இங்கே தவறினால் நல்ல வெல்டை வெட்டி எடுப்பார்கள், அல்லது விரிசலோடு குழாய் வேலைக்குப் போய்விடும். லெவல் 1 முடித்தவர் எழுதிக் கொடுத்தபடி சோதிப்பார். கருவியை அமைத்து, அளவு சரிபார்த்து, எக்கோவுக்குப் பொருள் சொல்லும் பொறுப்பு லெவல் 2-க்கு வருகிறது.

இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டியின்படி, லெவல் 2 சான்றிதழைத் தருவது வேலை கொடுக்கும் நிறுவனம். பயிற்சி நேரம், அனுபவம், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, பார்வைச் சோதனை எல்லாம் சரியாக இருந்தால் முதலாளிதான் சான்று அளிக்கிறார். வேலையை விட்டால் அந்தச் சான்றும் முடிந்துவிடும்; புதிய நிறுவனம் தன் விதிப்படி மறுபடி சான்றளிக்க வேண்டும். வழிகாட்டியை வெளியிடும் சங்கத்தின் பெயரோடு சேர்த்து "ஏ.எஸ்.என்.டி. லெவல் 2" என்று பலர் எழுதுவதால், சங்கமே தந்ததாக வெளியாட்கள் நினைக்கிறார்கள். எந்த முறைக்கு, எந்த நிறுவனத்தில், எந்தத் தேதிவரை என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுவது நேர்மையானது, ஆள் எடுப்பவருக்கும் உதவி.

லெவல் 3 வேறு வகை. அந்தத் தேர்வை ஏ.எஸ்.என்.டி. சங்கமே நடத்துகிறது, அந்தச் சான்றிதழ் வேலை மாறினாலும் கூடவே வரும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லெவல் 3 ஆனவர் சோதனை நடைமுறையை எழுதி ஒப்புதல் தருவார். அடுத்து வரும் லெவல் 2 ஆட்களுக்குத் தேர்வும் வைப்பார்.