கடன் மறுக்கப்பட்டதா? முதலில் இதைப் பாருங்கள்

வங்கியில் கடன் மறுக்கப்பட்டால் பலரும் அடுத்த நாளே இன்னொரு வங்கியில் விண்ணப்பிக்கிறார்கள். அதுதான் பெரிய தவறு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கும். அப்படிப் பார்த்ததும் அதே அறிக்கையில் பதிவாகும். ஒரே மாதத்தில் நாலைந்து பதிவுகள் இருந்தால், ஆள் பண நெருக்கடியில் இருக்கிறார் என்றே அடுத்த வங்கி நினைக்கும். முதலில் மறுத்த வங்கியிடம் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிபில் ஸ்கோர் 750-க்கு மேல் இருந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஸ்கோர் நன்றாக இருந்தும் மறுக்கப்படுவது சகஜம். காரணம் மாதத் தவணை.

ஒரு கணக்குப் போடுவோம். கைக்கு வரும் சம்பளம் 40,000 ரூபாய். பைக் கடனுக்கு 4,000, நகைக்கடைச் சீட்டல்லாத இன்னொரு வங்கிக் கடனுக்கு 8,000 என்று ஏற்கெனவே 12,000 போகிறது. இவர் 5 லட்சம் தனிநபர் கடனை 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்குக் கேட்கிறார். தவணை ஏறக்குறைய 17,100. மொத்தம் 29,100, சம்பளத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வருமானத்துக்குப் பொதுவாகப் பாதிக்கு மேல் தவணை போவதை வங்கிகள் விரும்புவதில்லை.

அதே கடனை ஐந்து வருடத்துக்குக் கேட்டால் தவணை 11,600 ஆகும். அப்போதும் மொத்தம் 23,600, பாதியைத் தாண்டுகிறது. பைக் கடனில் மீதி சில தவணைகள்தான் என்றால், அதை அடைத்துவிட்டு விண்ணப்பித்தால் 19,600-க்கு இறங்கிவிடும். வட்டி கூடுதலாகப் போகும் என்பது வேறு விஷயம்.

இன்னொரு வில்லங்கம், பழைய கிரெடிட் கார்டு பாக்கி. 30,000 பாக்கிக்கு 15,000 கட்டி, 'முடித்துக்கொள்வோம்' என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பியிருப்பீர்கள். அறிக்கையில் அது 'குளோஸ்டு' ஆகாது, 'செட்டில்டு' என்று நிற்கும். முழுப் பணத்தையும் இவர் கட்டவில்லை என்பதே வங்கிக்கு அதன் பொருள். விட்டுப்போன தொகையைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, பதிவை மாற்றச் சொல்லுங்கள். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் வரும். அவர் தவணை தவறினால் அடி உங்களுக்கும்தான்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் பாக்கியாகக் காட்டினால் அவர்களின் இணையதளத்திலேயே புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. திருத்தம் அறிக்கையில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த விண்ணப்பத்தைக் கொடுங்கள்.