நொடித்த கம்பெனியில் யாருக்கு முதலில் பணம்?

ஒரு கம்பெனி நொடித்துப்போயிற்று என்ற செய்தி வந்ததும், அதில் பணம் போட்டவர் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதாக நாம் எண்ணிவிடுகிறோம். அஃது உண்மையன்று. பங்கு வாங்கியவர் கம்பெனியின் உடைமையாளருள் ஒருவர். கடன் பத்திரம் வாங்கியவரோ அதற்குக் கடன் கொடுத்தவர். கடனெல்லாம் தீர்ந்தபின் எஞ்சுவது மட்டுமே உடைமையாளருக்கு உரியது.

கம்பெனியைக் கலைத்துச் சொத்துக்களை விற்றால், வந்த பணத்தை எந்த வரிசையில் பங்கிடுவது என்பதை 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு கூறுகிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். சொத்துக்களை விற்று 60 கோடி ரூபாய் கிடைத்ததாகக் கொள்வோம். நடவடிக்கைச் செலவு 4 கோடி முதலில் கழியும். மீதி 56 கோடி. அடுத்த படியில் இரு சாரார் சமமாக நிற்கின்றனர். ஒரு சாரார், கடைசி 24 மாத ஊதியப் பாக்கிக்கு உரிய தொழிலாளர். மற்றவர், சொத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்து, அந்த ஈட்டைப் பொது விற்பனைக்கு விட்டுக்கொடுத்தவர். தொழிலாளர் பாக்கி 10 கோடி, ஈடுள்ள கடன் 60 கோடி என்றால், 70 கோடிக்கு 56 கோடியே உள்ளது. ஆகவே இரு சாராருக்கும் ரூபாய்க்கு 80 காசு வீதம் கிடைக்கும். பணம் அத்துடன் தீர்ந்தது. பின்வரிசையிலுள்ள ஏனைய ஊழியர், ஈடற்ற கடன் பத்திரக்காரர், அரசாங்க வரிப் பாக்கி, முன்னுரிமைப் பங்குதாரர், கடைசியில் சாதாரணப் பங்குதாரர் ஆகிய எவருக்கும் ஒன்றுமில்லை.

எனவே பத்திரம் வாங்குமுன் வட்டி வீதத்தை மட்டும் பாராமல், அஃது ஈடுள்ளதா, ஈடற்றதா என்று பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வட்டி பெரிய எழுத்தில் இருக்கும். இந்தச் சொல்லோ உள்ளே எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

கம்பெனியைக் கலைக்காமல் வேறொருவர் ஏற்று நடத்தினாலும் பங்குதாரர் நிலை பெரும்பாலும் இதுவே. திவான் ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனியின் நிர்வாகக் குழுவை 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி அகற்றியது. கடன்காரர் கோரிய தொகை ஏறத்தாழ 87,000 கோடி ரூபாய். பிரமல் குழுமம் கொடுத்த திட்டத்தில் அதிற் பாதிகூடத் தேறவில்லை. பத்திரக்காரர் ஒரு பகுதியையேனும் பெற்றனர். பங்குகளோ மதிப்பற்றவை என ரத்தாயின. இத்திட்டத்திற்கு 2021 ஜூனில் மும்பைத் தீர்ப்பாயம் ஒப்புதல் அளித்த மறுநாளும் அப்பங்குகள் சந்தையில் விலை ஏறின என்பதுதான் வியப்பு! புது முதலாளி வந்துவிட்டார், இனி நல்ல காலம் என்று வாங்கியவர்கள், அவர் வாங்கியது கம்பெனியைத்தான், பழைய பங்குகளை அன்று என்பதைக் கவனிக்கவில்லை. சில நாட்களில் அப்பங்கு வணிகம் நிறுத்தப்பட்டது.

பத்திரக்காரர் சார்பில் வழக்கமாக டிபெஞ்சர் டிரஸ்டி என்னும் பொறுப்பாளர் கோரிக்கை மனுச் செய்வார். தம் தொகை அதில் சேர்ந்துள்ளதா என்று அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது பத்திரக்காரர் வேலை.