நான்கு கற்களும் ஒரு மனைப்பிரிவும்

நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மனையின் நீள அகலமும் சென்டிமீட்டர் வரை எழுதியிருக்கும். சாலையின் அகலம், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம், மொத்தப் பரப்பு எல்லாம் இருக்கும். ஆனால் அந்த நிலம் பூமியின் மேல் சரியாக எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பது பெரும்பாலும் இருக்காது. ஆட்டோகேடில் வரைந்தவர் ஏதோ ஒரு மூலையைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு வரையத் தொடங்கியிருப்பார். அவர் பார்த்து வரைந்த புலப்படமும் அப்படிப்பட்டதுதான். சர்வே எண்ணுக்கு ஒரு தாள், கல்லுக்குக் கல் தூரம், அவ்வளவே. அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் கிடையாது.

வீடு கட்ட இது போதும். தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு வந்த சாலையையும் பூங்காவையும், பக்கத்து மனைப்பிரிவோடும் அருகிலுள்ள ஏரியின் எல்லையோடும் ஒரே திரையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் போதாது. அதற்கு வரைபடம் ஜிஐஎஸ் அடுக்காக மாற வேண்டும். ஒவ்வொரு மூலைக்கும் உண்மையான ஆயத்தொலைவு கிடைக்க வேண்டும். இந்த மாற்றத்தில் மென்பொருள் செய்யும் வேலை சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னும் பின்னும் மனிதர் செய்ய வேண்டிய சோதனைதான் வேலையின் பெரும்பகுதி.

திருச்சியை ஒட்டி ஒரு மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் அது 240 மீட்டருக்கு 180 மீட்டர் செவ்வகம். தென்மேற்கு மூலை A பூஜ்ஜியத்தில் இருக்கிறது. அங்கிருந்து வலஞ்சுழியாக இல்லாமல் இடஞ்சுழியாக B, C, D என்று மூலைகளுக்குப் பெயர். இந்தக் கோப்பை அப்படியே ஜிஐஎஸ்ஸில் திறந்து, "இது யுடிஎம் 44 வடக்கு மண்டலம்" என்று சொன்னால் மென்பொருள் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். மனைகள் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தள்ளி, நிலநடுக்கோட்டில், இந்தியப் பெருங்கடலில் போய் உட்காரும். அந்த மண்டலத்தில் பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் என்ற இடம் அங்கேதான் இருக்கிறது.

மண்டலத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் குறுக்கே 78 டிகிரி தீர்க்கரேகை ஓடுகிறது. அதற்கு மேற்கே உள்ள கோவை, ஈரோடு, திருநெல்வேலி எல்லாம் 43-ஆம் மண்டலம், `EPSG:32643`. கிழக்கே உள்ள திருச்சி, மதுரை, சென்னை 44-ஆம் மண்டலம், `EPSG:32644`. திருச்சியில் அளந்த எண்களுக்குத் தவறி 43 என்று கொடுத்தால் அடுக்கு ஆறு டிகிரி மேற்கே நகர்ந்து லட்சத்தீவுக் கடலில் விழும். இப்படிப்பட்ட பெரிய பிழைகள் ஒரு வகையில் நல்லவை. வரைபடத்தைத் திறந்ததும் கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானவை ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் பிழைகள்.

அவற்றைப் பிடிக்கக் களத்துக்குப் போக வேண்டும். நான்கு மூலைக் கற்களின் மேலும் டிஜிபிஎஸ் கருவியை வைத்து அளக்க வேண்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் வரை பிசகும் என்பதால் இதற்கு உதவாது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வேலி மூலையைச் சுட்டுவதும் வேண்டாம். அந்தப் படமே சில மீட்டர் தள்ளியிருக்கக்கூடும். நம் மனைப்பிரிவில் A கல்லின் அளவு கிழக்கே 251412.36, வடக்கே 1194105.82 என்று கிடைக்கிறது. B கல் 251650.56, 1194135.82.

இந்த இரண்டு கற்களே நிறையச் சொல்லும். ஆயத்தொலைவுகளின்படி அவற்றுக்கு இடையே 240.08 மீட்டர். வரைபடத்தில் 240. விகிதம் 1.0003-ஐச் சற்றுத் தாண்டுகிறது. இது பிழை அல்ல. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது யுடிஎம் மண்டலத்தின் ஓரப் பகுதிகள் இவ்வளவு நீளும். திருச்சி, மண்டலத்தின் நடுக்கோடான 81 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. அங்கே எதிர்பார்க்க வேண்டிய விகிதமே இதுதான். இதே விகிதம் 0.305 என்று வந்திருந்தால் வரைபடம் அடியில் வரையப்பட்டது என்று பொருள். 0.001 என்று வந்தால் மில்லிமீட்டரில். கோப்பின் `INSUNITS` அமைப்பு என்ன சொல்கிறது என்பதைவிட இந்தக் கணக்கை நம்பலாம். அந்த அமைப்பை மாற்றாமலேயே வரைபவர்கள் பலர்.

A–B கோடு கிழக்கிலிருந்து 7 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே திரும்பியிருப்பதும் இந்த எண்களிலிருந்தே தெரிகிறது. வரைபடத்தின் மூலையில் உள்ள வடக்கு அம்புக்குறியை வைத்துத் திருப்பக் கூடாது. அது காந்த வடக்கா, உண்மை வடக்கா, கட்ட வடக்கா என்று தாள் சொல்லாது. திருச்சியில் உண்மை வடக்குக்கும் யுடிஎம் கட்டத்தின் வடக்குக்கும் இடையே அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு உண்டு. 240 மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 1.8 மீட்டர்.

ஆட்டோகேடின் `ALIGN` கட்டளையில் A, B இரண்டையும் கொடுத்தால் வரைபடம் நகர்ந்து, திரும்பி, உரிய அளவுக்கு நீண்டு உட்காரும். இப்போதுதான் உண்மையான சோதனை. மீதி இரண்டு கற்களையும் நாம் பொருத்துவதற்குப் பயன்படுத்தவில்லை. அவற்றைச் சாட்சிகளாக வைத்திருக்கிறோம். D மூலை 251389.86, 1194284.47 என்ற இடத்துக்கு வருகிறது. களத்தில் அளந்தது 251389.91, 1194284.43. ஆறு சென்டிமீட்டர் வேறுபாடு, கருவியின் துல்லியத்துக்கும் கல்லின் தடிமனுக்கும் இது சரி. ஆனால் C மூலையில் வரைபடம் வடக்கே 1194314.47 என்கிறது. களத்தில் கல் 1194312.90-இல் நிற்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் தெற்கே.

இந்த இடத்தில்தான் பலர் மென்பொருளின் உதவியை நாடுகிறார்கள். நான்கு புள்ளிகளையும் ஒன்றாகக் கொடுத்து, கியூஜிஐஎஸ்ஸின் `Georeferencer` பகுதியில் `Polynomial 1` என்று தேர்ந்தெடுத்தால் அது செவ்வகத்தை இணைகரமாக இழுத்து, பிழையை நான்கு மூலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடும். ஒவ்வொரு மூலையிலும் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் என்று காட்டும். எந்தக் கல் தவறு என்று அதன் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. `Thin Plate Spline` இன்னும் மோசம். அது வரைபடத்தை ரப்பர் போல வளைத்து, பிழை பூஜ்ஜியம் என்று அறிக்கை தரும். சரியாக இருந்த மனைகளின் பக்கங்கள் எல்லாம் கோணிப் போயிருக்கும்.

மனைப்பிரிவு வரைபடத்துக்கு நகர்த்தல், திருப்பல், எல்லாத் திசையிலும் ஒரே அளவு நீட்டல் ஆகிய மூன்று மட்டுமே செய்யலாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கியூஜிஐஎஸ்ஸில் இதற்குப் பெயர் `Helmert`. இதில் பொருந்தாவிட்டால், தவறு தாளில் இருக்கிறது அல்லது தரையில் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் டேப்பை எடுத்து B–C பக்கத்தை அளந்தால் 178 மீட்டரும் கொஞ்சமும் வருகிறது. புலப்படத்தில் 180 என்று இருந்தால் கல் இடம் மாறியிருக்கிறது. அதை நில அளவரிடம் கொண்டுபோக வேண்டும். புலப்படத்திலேயே 178.5 என்று இருந்தால், வரைந்தவர் செவ்வகமாக்க வேண்டி எல்லையை நீட்டிவிட்டார். அப்போது வடகிழக்கு மூலை மனைகள் பக்கத்துக்காரர் நிலத்துக்குள் நீண்டு கிடக்கின்றன.

நான்கு கற்களும் அழகாகப் பொருந்தினாலும் கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு. டிஜிபிஎஸ் அளவையில் ஒரு கருவி நிலையாக நிற்கும், மற்றொன்று கற்களுக்கு நடக்கும். நிலையாக நிற்கும் கருவியின் சொந்த இடத்தைத் தோராயமாகக் கொடுத்துவிட்டால், அளந்த எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒன்றிரண்டு மீட்டர் நகர்ந்திருக்கும். கற்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாது என்பதால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. இந்திய நில அளவைத் துறையின் கார்ஸ் நிலையங்களோடு கருவியை இணைத்து அளந்திருக்கிறார்களா என்று கேட்பதுதான் ஒரே வழி.

இடம் சரியான பிறகு கோடுகளை மனைகளாக்க வேண்டும். ஆட்டோகேடில் மனை என்பது நான்கு கோடுகளும் நடுவே ஓர் எண்ணும்தான். அவற்றுக்குள் உறவு கிடையாது. டிஎக்ஸ்எஃப் கோப்பில் எல்லாம் கலந்து கிடக்கும், அடுக்கின் பெயரை வைத்துப் பிரித்தெடுக்கலாம்:

```
ogr2ogr -f GPKG manai.gpkg manai.dxf -nln kodu -where "Layer='PLOT'" -a_srs EPSG:32644
```

பிறகு `Polygonize` கோடுகளை மூடிய பரப்புகளாக்கும், `Join attributes by location` உள்ளே விழும் எண்ணை அந்தப் பரப்போடு சேர்க்கும். ஒரு மூலையில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் அந்த மனை உருவாகாது. ஆகவே வரைபடத்தில் எத்தனை மனைகள், அடுக்கில் எத்தனை பரப்புகள், எண் இல்லாதவை எவை என்று எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். தமிழில் எழுதிய குறிப்புகள் பழைய எழுத்துருவில் இருந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். முன்கூட்டியே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

பரப்பளவில் ஒரு எச்சரிக்கை. ஒப்புதல் வரைபடத்தில் 43,200 சதுர மீட்டர். யுடிஎம் கட்டத்தில் அதே செவ்வகம் 43,229 காட்டும். ஒரு கிரவுண்டு மனையில் இது ஒன்றரைச் சதுர அடிதான், ஆனாலும் யாரும் கூடுதல் நிலம் பெறவில்லை. மேலே சொன்ன நீட்சியின் விளைவுதான் இது. அட்டவணையில் ஒப்புதல் பெற்ற பரப்பைத் தனிப் பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள், கணினி கணக்கிட்டதை அதன்மேல் எழுதாதீர்கள்.

மனைப்பிரிவை அமைப்பவரிடமோ வரைபடத்தை மாற்றித் தந்தவரிடமோ ஜிஐஎஸ் கோப்பை வாங்கும்போது, அதோடு ஒரு பக்கக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் கற்கள் அளக்கப்பட்டன, அவற்றின் ஆயத்தொலைவுகள், மண்டலத்தின் எண், அளந்த தேதி, அடிப்படை நிலையம், பொருத்துவதற்குப் பயன்படுத்தாத கற்களில் வந்த வேறுபாடு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத கோப்பை எல்லைக்குச் சான்றாக ஏற்காதீர்கள்.