எண்பதைத் தாண்டினால் விற்க வேண்டுமா?

2020 நவம்பர் 6, வெள்ளிக்கிழமை. நிஃப்டி 12,260 புள்ளிகளை ஒட்டி முடிந்தது. ஒரே வாரத்தில் 600 புள்ளிகளுக்கு மேல் ஏற்றம். அன்று மாலை சார்ட்டைத் திறந்தால், அடியில் ஓடும் ஸ்டாக்காஸ்டிக் கோடு 97-ஐ ஒட்டி நின்றது. 80-க்கு மேல் போனாலே ‘ஓவர்பாட்’, அதாவது அளவுக்கு மீறி வாங்கப்பட்டது, எனவே விற்க வேண்டும் என்று பழகியவர்களுக்கு அது தெளிவான சமிக்ஞை. அதை நம்பி அங்கே ‘ஷார்ட்’ போட்டு ஆண்டு முடியும்வரை பிடித்திருந்தால், டிசம்பர் 31 அன்று நிஃப்டி 13,980-க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். ஏறத்தாழ 14 சதவீதம் எதிர்த் திசையில்.

கோடு பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு.

1950-களில் சிகாகோவைச் சேர்ந்த ஜார்ஜ் லேன் பரப்பிய இந்தக் கருவியின் கணக்கு மிக எளியது. கடந்த 14 நாட்களில் விலை தொட்ட உச்சத்தையும் அடியையும் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிக்குள் இன்றைய முடிவு விலை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை 0 முதல் 100 வரையிலான எண்ணாகச் சொல்கிறது. அவ்வளவுதான். பங்கு மலிவா விலை அதிகமா, வாங்க ஆள் தீர்ந்துவிட்டார்களா என்பதெல்லாம் இந்தக் கணக்கிற்குள் எங்கும் இல்லை. ‘ஓவர்பாட்’ என்ற பெயர்தான் இல்லாத பொருளை அதன் தலையில் ஏற்றுகிறது.

ஒரு கற்பனைப் பங்கை வைத்துப் பார்க்கலாம். இரண்டு மாதமாக அது 200 ரூபாய்க்கும் 220-க்கும் இடையே ஊசலாடுகிறது. 218-ல் முடிந்தால் ஸ்டாக்காஸ்டிக் 90 காட்டும். 202-ல் முடிந்தால் 10. இப்படிப்பட்ட பக்கவாட்டுச் சந்தையில் 80-க்கு மேல் விற்று 20-க்குக் கீழ் வாங்கியவர் பலமுறை லாபம் பார்ப்பார். ஆனால் அந்த லாபத்தைத் தந்தது 90 என்ற எண் அல்ல. 220-ல் விற்கக் காத்திருந்தவர்களும் 200-ல் வாங்கக் காத்திருந்தவர்களும்தான் தந்தார்கள்.

ஒருநாள் 220-ல் இருந்த விற்பவர்கள் தீர்ந்துபோகிறார்கள். விலை மேலே உடைத்துக்கொண்டு போகிறது. மூன்று வாரம் கழித்து 14 நாள் அடி 216, உச்சம் 250, முடிவு விலை 247 என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஸ்டாக்காஸ்டிக் 91. முன்பு 218-ல் 90. இப்போது 247-ல் 91. விலை 29 ரூபாய் ஏறியிருக்கிறது, எண் ஏறக்குறைய அசையவே இல்லை. காரணம், அளவுகோலே விலையோடு சேர்ந்து மேலே ஏறிவிட்டது. வலுவான ஏற்றம் என்பதே நாள்தோறும் உச்சத்தை ஒட்டி முடிவதுதான். ஆகவே அங்கே 80-க்கு மேல் வாரக்கணக்கில் தங்குவது இயல்பு. அந்த எண் ஏற்றத்தின் களைப்பைவிட அதன் பலத்தைத்தான் காட்டுகிறது.

2020 நவம்பரில் அதுதான் நடந்தது. தடுப்பூசிச் செய்தி வந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அந்த ஒரு மாதத்தில் 60,000 கோடி ரூபாய்க்கு மேல் இந்தியப் பங்குகளில் கொட்டினார்கள். நவம்பர் 19 அன்று நிஃப்டி 160 புள்ளிகளுக்கு மேல் சரிந்தபோதுகூட ஸ்டாக்காஸ்டிக் 80-க்குக் கீழே வரவில்லை. 25-ஆம் தேதி இன்னும் பெரிய சரிவு. அப்போதுதான் 70-களுக்கு இறங்கியது. ‘80-க்கு மேலிருந்து கீழே வெட்டினால் விற்கலாம்’ என்ற திருத்திய விதியும் அங்கே ஏமாற்றியிருக்கும், ஏனெனில் டிசம்பர் முதல் வாரத்திலேயே நிஃப்டி 13,200-ஐத் தாண்டிவிட்டது.

அப்படியானால் சந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் ஏடிஎக்ஸ் என்ற அளவீட்டைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள்: 20-க்குக் கீழே என்றால் போக்கு இல்லை, 25-க்கு மேல் என்றால் போக்கு இருக்கிறது என்பது வழக்கமான கணிப்பு. 50 நாள் சராசரிக் கோடு படுத்திருக்கிறதா, சாய்ந்து ஏறுகிறதா என்று பார்ப்பது இன்னும் எளிது. இரண்டுமே கடந்த நாட்களின் கணக்குதான், எனவே பக்கவாட்டு எல்லை உடைந்த முதல் சில நாட்களில் இரண்டும் பின்தங்கும். மேல் எல்லையில் விற்பவர் அந்த எல்லைக்குச் சற்று மேலே ஸ்டாப் லாஸ் வைப்பது அதனால்தான்.

ஏற்றத்தில் இறக்கத்துக்காகக் காத்திருப்பவருக்கும் இதே சிக்கல் தலைகீழாக உண்டு. டிசம்பர் 21 அன்று, பிரிட்டனில் புதிய வகை கொரோனா பரவிய அச்சத்தில் நிஃப்டி ஒரே நாளில் சுமார் 3 சதவீதம் விழுந்து 13,330-ஐ ஒட்டி முடிந்தது. அந்த இரண்டு மாத ஏற்றத்தின் மிகக் கடுமையான நாள் அது. அன்றும் ஸ்டாக்காஸ்டிக் 40-களில்தான் நின்றது. 20-க்குக் கீழே வந்தால் வாங்கலாம் என்று உட்கார்ந்திருந்தவருக்கு வாய்ப்பே வரவில்லை. பத்தே நாளில் குறியீடு 600 புள்ளிகளுக்கு மேல் ஏறிவிட்டது.