ஆய்வுக்கட்டுரையிலிருந்து எளிய சுருக்கத்திற்கு: ஜார்க்கண்ட் காசநோய் ஆய்வின் எண்களை முன்வைத்து

காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்வோருக்குக் கூடுதல் உணவு வழங்கினால் அவர்களுக்கு அந்நோய் வருவது குறையுமா? ஜார்க்கண்டில் நடைபெற்று, 2023இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இவ்வினாவிற்கு விடை தேடியது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கேற்றது. இவ்வாய்வைக் கொள்கை வகுப்போருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் எளிய தமிழில் சுருக்கித் தருவதில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வின் அமைப்பு எளிது. இரு பிரிவிலும் நோயாளிக்கு மாதந்தோறும் உணவுப்பொருள் கிடைத்தது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை ஆகியன வழங்கப்பட்டன. வயது வந்தவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு. குடும்பத்தினரிடையே காசநோய் 39 விழுக்காடு குறைந்தது என்பது முடிவு.

சுருக்கம் எழுதுவோர் முதலில் இடறுவது இந்த 39இல்தான். ‘39 விழுக்காடு குறைவு’ என்பதை நூறு பேரில் 39 பேர் நோயிலிருந்து தப்பினர் என்றே பலரும் பொருள்கொள்வர். உண்மையில் நோய் கண்டோர் இரு பிரிவிலும் சிலரே. குடும்பத்திற்கு உணவு பெறாத பிரிவில் 4,712 பேரில் 122 பேருக்கும், பெற்ற பிரிவில் 5,602 பேரில் 96 பேருக்கும் காசநோய் வந்தது. ஆயிரத்திற்கு எனக் கணக்கிட்டால் முறையே 26 பேர், 17 பேர். இவ்வாறு எழுதினால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் 26 என்பது 17ஆகக் குறைவது ஏறத்தாழ 34 விழுக்காடே, 39 அன்று. கவனமாகப் படிக்கும் அதிகாரி இம்முரணைக் கண்டால் சுருக்கம் முழுவதையுமே ஐயுறுவார்.

முரணுக்குக் காரணம் காலம். உணவு பெற்ற பிரிவினர் சராசரியாகச் சற்றுக் கூடுதல் காலம் கண்காணிக்கப்பட்டனர். கண்காணிப்பு நீளும்போது நோய் கண்டறியப்படும் வாய்ப்பும் கூடும். ஆகவே ஆய்வாளர்கள் தலைக்கணக்கை விடுத்து, ஓராண்டுக்கு எத்தனை பேர் என்னும் வீதத்தை ஒப்பிட்டனர். அவ்வீதம் நூறு பேருக்கு 1.27, 0.78. ‘ஆள்-ஆண்டு’ என்னும் கலைச்சொல்லைத் தவிர்த்து இதனை இப்படி எழுதலாம்: ‘குடும்பத்திற்கு உணவு கிடைக்காத வீடுகளில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 13 பேருக்குக் காசநோய் வந்தது, கிடைத்த வீடுகளில் 8 பேருக்கு வந்தது.’ இவ்வெண்கள் 39 விழுக்காட்டோடும் பொருந்துகின்றன. எளிமைப்படுத்தும் முன் மூலத்தின் எந்தக் கணக்கிலிருந்து அந்த எண் பிறந்தது என்று பார்ப்பது, சொற்களை எளிமையாக்குவதைவிட முதன்மையானது என்பது என் கருத்து.

கொள்கை வகுப்போருக்கு வேறோர் எண் தேவை. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கச் சுமார் 30 குடும்பங்களுக்கு, அதாவது 111 பேருக்கு, உணவு வழங்க வேண்டும் என ஆய்வு மதிப்பிடுகிறது. செலவைக் கணக்கிட இதுவே உதவும். உறுதியின்மையையும் மறைத்தலாகாது: குறைவு 15 முதல் 57 விழுக்காடு வரை எவ்வளவாகவும் இருக்கக்கூடும் என்பதே 95 விழுக்காடு நம்பக எல்லை தரும் பொருள். மேலும் ஆய்வில் இடம்பெற்ற குடும்பத்தினரில் மூன்றில் இருவர் பழங்குடியினர். மூன்றில் ஒருவர் ஊட்டக்குறைவுடையோர். ஊட்டக்குறைவு அரிதாக உள்ள பகுதியில் இதே பயன் கிட்டும் என்று இவ்வாய்வைக் கொண்டு கூற இயலாது.

செவிலியருக்கான சுருக்கத்தில் இவை பெரும்பாலும் வேண்டா. அங்கே இடர் வேறு. ‘உணவால் காசநோய் குறைந்தது’ என்று எழுதினால் நோயாளிக்கு மாத்திரைக்குப் பதில் சத்துணவு போதும் என்று பொருள்படக்கூடும். ஆய்வு அளந்தது நோயாளி குணமடைவதை அன்று, உடன் வாழ்வோருக்கு நோய் வருவதை. நோயாளிக்கு இரு பிரிவிலும் உணவு கிடைத்ததால், நோயாளிக்கான உணவின் பயனை இவ்வொப்பீடு காட்டாது. எனவே ‘குறைந்தது’ என்பதற்கு முன் ‘யாருக்கு’ என்பது வந்தாக வேண்டும். ‘குடும்பத் தொடர்பாளர்’ என்னும் ஆவணச் சொல்லுக்கு மாறாக ‘நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவர்’ என்பதே தக்கது. எழுத்து நீளும், பொருள் மாறாது.

வரைவைச் சரிபார்க்க, ‘புரிந்ததா?’ என்று கேட்பதால் பயனில்லை. எவரும் ஆம் என்பர். படித்தவரிடம் ஒரு சூழலைச் சொல்லிக் கேட்க வேண்டும்: ‘உணவு பெறும் வீட்டில் ஒருவருக்கு இரண்டு வாரமாக இருமல், என்ன செய்வீர்கள்?’ சளிப் பரிசோதனைக்கு அனுப்புவேன் என்றால் சுருக்கம் தேறியது. உணவுதான் கொடுக்கிறோமே, காசநோயாக இராது என்று விடை வந்தால், ஆயிரத்தில் அந்த 8 பேர் வரைவில் எங்கோ மறைந்துவிட்டனர். அவ்வாக்கியத்தைத் திருத்தி எழுத வேண்டும்.