பணி உறுதிக் கடிதம்: என்ன எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும்

தகுதிகாண் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரை நிரந்தரப் பணியாளராக ஏற்றுக்கொண்டதை நிறுவனம் எழுத்தில் தெரிவிப்பதே பணி உறுதிக் கடிதம். அலுவலகங்களில் இதைக் கன்ஃபர்மேஷன் லெட்டர் என்றே சொல்கிறார்கள். பல நிறுவனங்களில் இது மூன்று வரியில் முடிந்துவிடுகிறது: பணி திருப்திகரமாக இருந்தது, உறுதி செய்யப்படுகிறீர்கள், வாழ்த்துகள். முடிவு, அதற்கான காரணம், இனி எதிர்பார்ப்பது என்ற மூன்றில் முதலாவது மட்டுமே அதில் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் அரைகுறையாக.

திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு ஒருவர் மார்ச் 3 அன்று இளநிலை மெர்ச்சண்டைசராகச் சேர்கிறார். வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து வரும் ஆர்டரை, சாம்பிள் தைப்பது முதல் கப்பலேற்றுவது வரை பின்தொடர்வது அவர் வேலை. நியமனக் கடிதத்தில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் என்று எழுதியிருக்கிறது.

முடிவைச் சொல்லும் பத்தியில் முக்கியமானது தேதி. மார்ச் 3-இல் தொடங்கிய ஆறு மாதம் செப்டம்பர் 2-இல் முடிகிறது. ஆகவே கடிதம் இப்படித் தொடங்கலாம்: “தங்களின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் செப்டம்பர் 2 அன்று நிறைவடைந்தது. செப்டம்பர் 3 முதல் தாங்கள் இளநிலை மெர்ச்சண்டைசர் பணியில் உறுதி செய்யப்படுகிறீர்கள்.” கடிதம் கையெழுத்தான நாள் வேறு, உறுதி நடைமுறைக்கு வரும் நாள் வேறு. மேலாளர் வெளியூரில் இருந்ததால் கடிதம் செப்டம்பர் 20-இல் தயாரானாலும், நடைமுறைத் தேதி செப்டம்பர் 3 என்று தனியாக எழுதியிருந்தால் இடைப்பட்ட நாட்கள் எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி எழாது.

கடிதமே கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? இதற்கு இந்திய நீதிமன்றங்கள் தந்த விடை, நியமன விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பஞ்சாப் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தொடர்பான தரம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-இல் தீர்ப்பளித்தது. அங்கு தகுதிகாண் காலம் நீட்டிப்பையும் சேர்த்து மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. அந்த வரம்பு கடந்த பிறகும் அவர்கள் வேலையில் தொடர அனுமதிக்கப்பட்டதால், உத்தரவு ஏதும் இல்லாமலேயே உறுதி செய்யப்பட்டவர்களாகக் கருதப்பட்டார்கள். உச்ச வரம்பு எதுவும் இல்லாமல், எழுத்தில் உறுதி செய்தால்தான் நிரந்தரம் என்று விதி இருக்கும் இடத்தில், காலம் கடந்தது என்பதற்காக மட்டும் ஒருவர் தானாக நிரந்தரமாகிவிடுவதில்லை. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 1981-ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர் பணி செய்தவருக்கு நிரந்தரத் தகுதி அளிக்கிறது. நிறுவனம் மௌனமாக இருப்பது அதன் பிடியில் இருக்கும் சலுகை அல்ல. இரு தரப்பையும் வழக்கு மன்றத்துக்கு இழுக்கக்கூடிய கவனக்குறைவு.

அடுத்தது காரணம். கடிதத்தின் உயிர் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது, பெரும்பாலோர் தவிர்ப்பதும் இதையேதான். “தங்கள் செயல்பாடு மிகவும் சிறப்பாக இருந்தது” என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அதற்குப் பொருள் இல்லை. அதே திருப்பூர்க்காரருக்கு இப்படி எழுதலாம்: “தாங்கள் கையாண்ட மூன்று ஆர்டர்களிலும் சாம்பிள் ஒப்புதல் குறித்த நாளுக்குள் பெறப்பட்டது. ஜூலையில் சாயப்பட்டறையில் நிறம் மாறி வந்தபோது அதே நாளில் வாங்குநருக்குத் தெரிவித்து, மறு சாயத்துக்கு ஒப்புதல் பெற்றீர்கள். துணிச் சுருக்கச் சோதனை அறிக்கைகளை வெட்டும் பிரிவுக்கு அனுப்புவதில் இரண்டு முறை தாமதம் ஏற்பட்டது. இது ஆகஸ்ட் மதிப்பீட்டில் தங்களிடம் பேசப்பட்டது.” படிப்பவருக்குத் தன் வேலையை யாரோ உண்மையில் பார்த்திருக்கிறார்கள் என்று புரியும். எது பாராட்டப்பட்டது என்பதும் தெரிவதால் அதையே தொடர்வார்.

கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். குறையைக் கடிதத்தில் எழுதலாம், ஆனால் அது முதன்முதலாகக் கடிதத்தில் வரக் கூடாது. தற்காலிகமாக நியமிக்கப்பட்ட ஒரு மருத்துவர் நீக்கப்பட்ட வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், வேலையில் குறை இருந்தால் அதை உரிய நேரத்தில் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று கூறியது. அந்த நியாயம் புதிய பணியாளர் எல்லோருக்கும் பொருந்தும். துறைத் தலைவரின் மதிப்பீட்டுப் படிவமும் கடிதமும் ஒன்றையே சொல்ல வேண்டும். படிவத்தில் சராசரி மதிப்பெண் இட்டுவிட்டுக் கடிதத்தில் புகழ்ந்து தள்ளினால், அடுத்த ஆண்டு அவருடைய செயல்பாடு போதாது என்று நிறுவனம் சொல்லும்போது அந்தக் கடிதமே அதற்கு எதிர்ச்சான்றாக நிற்கும்.

எதிர்பார்ப்புப் பத்தியில் அடிக்கடி நேரும் பிழை, எதிர்பார்ப்பை நிபந்தனையாக எழுதிவிடுவது. “உறுதி செய்யப்படுகிறீர்கள், எனினும் அடுத்த மூன்று மாதம் தங்கள் பணி கவனிக்கப்பட்டு இறுதி முடிவு எடுக்கப்படும்” என்று ஒரே கடிதத்தில் இருந்தால் அது உறுதியா, நீட்டிப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் சந்தேகம் இருந்தால் நீட்டிப்புக் கடிதம்தான் கொடுக்க வேண்டும். அதையும் தகுதிகாண் காலம் முடிவதற்கு முன்பே, எவ்வளவு காலம், எந்தக் குறைக்காக என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். உறுதிக் கடிதத்தில் வரும் எதிர்பார்ப்பு, ஏற்கெனவே முடிந்துபோன முடிவை அசைக்காமல் அடுத்த வேலையைச் சொல்ல வேண்டும்: “வரும் மார்ச் மாதத்துக்குள் ஒரு வாங்குநரின் ஆர்டர்களை முழுவதுமாகத் தாங்களே பொறுப்பேற்று நடத்த எதிர்பார்க்கிறோம். சோதனை அறிக்கை கிடைத்த அன்றே வெட்டும் பிரிவுக்குச் சேர வேண்டும். இதில் மூத்த மெர்ச்சண்டைசர் தங்களுக்கு வழிகாட்டுவார்.” கடைசி வரி அவசியமானது. எதைக் கேட்கிறோம் என்பதோடு அதற்கு யார் உதவுவார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மாறும் நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விலகும்போது தர வேண்டிய முன்னறிவிப்பு பதினைந்து நாளிலிருந்து இரண்டு மாதமாகக் கூடுகிறது என்றால் அது இங்கே இருக்க வேண்டும். அது இரு தரப்பையும் கட்டுமா என்பதும் இருக்க வேண்டும். சம்பளம் மாறாவிட்டால் “மற்ற நிபந்தனைகள் நியமனக் கடிதத்தில் உள்ளபடியே தொடரும்” என்று எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் உறுதி என்றாலே ஊதிய உயர்வு என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். பணிக்காலம் மட்டும் உறுதி நாளிலிருந்து புதிதாகத் தொடங்குவதில்லை. பணிக்கொடைக்கான கணக்கு மார்ச் 3-இலிருந்தே ஓடுகிறது. தகுதிகாண் காலத்தில் இருப்பவர் என்பதற்காக வருங்கால வைப்பு நிதிப் பிடித்தத்தைத் தள்ளிப்போடவும் முடியாது.

கடிதம் இரண்டு பிரதியாகத் தரப்படும். பணியாளர் ஒன்றில் தேதியிட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். அதற்கு முன் அவர் நியமனக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதவிப் பெயர், நடைமுறைத் தேதி, முன்னறிவிப்புக் காலம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நியமனக் கடிதத்தில் இல்லாத புதிய கட்டுப்பாடு ஏதேனும் நுழைந்திருந்தால், கையெழுத்திடுவதற்கு முன்பே அதைக் குறிப்பிட்டு மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும்.